வாளப்பளம் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு ல, ள, ழ

மதுரையில் கீழவாசல் பக்கம் ஓர் அச்சகத்தில் பிழை பார்க்கிற வேலை எனக்கு. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி, பால்குடத்துக்கு நோட்டீஸ் என்று எதைக் கொண்டுவந்தாலும் கையெழுத்துப் படியில் என் பேனா அதிகம் சுழிப்பது இந்த மூன்று எழுத்துகளைத்தான். நானே ஒரு தடவை 'காதணி விளா' என்று அச்சேற விட்டுவிட்டு, 300 பத்திரிகையைச் சொந்தக் காசில் திரும்ப அடித்துக் கொடுத்திருக்கிறேன். விளா என்பது மரம். விளாம்பழம் காய்க்குமே, அது. விலா என்றால் விலா எலும்பு. பத்திரிகையில் இருக்க வேண்டியது விழா. மூன்றும் அகராதியில் உள்ள சொற்கள்தான், அதனால் கணினியின் பிழைதிருத்தியும் சிவப்புக் கோடு போடாமல் பேசாமல் இருந்துவிட்டது.

எங்கள் ஊர்ச் சிக்கல் என்னவென்றால், ல-வையும் ள-வையும் நாம் நன்றாகவே பிரித்துச் சொல்வோம். புலியையும் புளியையும் எந்த மதுரைக்காரரும் குழப்ப மாட்டார். ஆனால் ழ நம் வாயில் பெரும்பாலும் ள ஆகிவிடும். மளை, வாளப்பளம், கிளவி, கோளி, அளகர் கோயில். பேச்சில் இதை நான் தப்பென்றே சொல்ல மாட்டேன். தென்மாவட்டப் பேச்சு அப்படி, யாழ்ப்பாணத்திலும் ழ இப்படித்தான் ள ஆகிறது, சென்னைப் பக்கம் சிலர் வாயப்பயம் என்பார்கள். ஆனால் எழுதும்போது "சொல்லிப் பார்த்து எழுது" என்று வாத்தியார் சொன்ன வழி நமக்கு உதவாது. நாம் சொல்லிப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். ஆகவே இந்த வழிகாட்டி, காதை நம்பாமல் எழுதுவது எப்படி என்பதைப் பற்றியது. ஆனாலும் முதலில் நாக்கு, ஏனென்றால் பின்னால் வரும் விதிகளுக்குக் காரணமே அங்கேதான் இருக்கிறது.

முதல் படி: நாக்கு எங்கே நிற்கிறது

'ல்' என்று சொல்லி அப்படியே நிறுத்துங்கள். நாக்கு நுனி மேல்பல்லின் அடியில், ஈறு தொடங்கும் இடத்தில் ஒட்டியிருக்கும். அதே இடத்திலேயே நாக்கை வைத்துக்கொண்டு 'ன்' சொல்ல முடியும், முயன்று பாருங்கள்.

இப்போது 'ட்' சொல்லுங்கள். நுனி பின்னால் மடிந்து அண்ணத்தில் முட்டும். முட்டின இடத்தை விடாமல், நாக்கின் இரண்டு ஓரமும் வழியாகக் காற்றை விட்டால் வருவது 'ள்'. மூக்கு வழியாக விட்டால் 'ண்'. ஆக ல, ற, ன ஒரு வீடு; ள, ட, ண ஒரு வீடு. இதை மனத்தில் வையுங்கள், இரண்டாம் படியில் வேலைக்கு வரும்.

'ழ்' சொல்ல, 'ள்' சொன்ன இடத்திலிருந்தே தொடங்கலாம். நுனி அண்ணத்தில் ஒட்டியிருக்கிறது அல்லவா, அதை ஒரு நூல் அளவு கீழே இறக்குங்கள், கொஞ்சம் பின்னால் இழுங்கள். நுனி எதையும் தொடக்கூடாது. நாக்கின் இரண்டு ஓரமும் மேல் கடைவாய்ப் பல்லோடு ஒட்டிக்கொள்ளும், நடுவில் ஒரு வாய்க்கால் கிடைக்கும். குரலை அந்த வாய்க்கால் வழியாக விட்டால் வருவதுதான் ழ். தொல்காப்பியம் ழ-வை ல, ள-வோடு சேர்க்காமல் ர-வோடு சேர்த்துத்தான் பிறப்புச் சொல்கிறது, நாக்கு நுனி மேலெழுந்து அண்ணத்தை வருடுவதால் ர-வும் ழ-வும் பிறக்கும் என்று. ழ-வை 'ல'வின் ஒரு வகை என்று நினைத்துப் பழகினவர்களுக்கு அது வராமல் போவதற்கு இந்த நினைப்பும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

சரியாக வருகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை உண்டு. ஒலியை நிறுத்திவிட்டு, நாக்கை அசைக்காமல் வாய் வழியாக மூச்சை உள்ளே இழுங்கள். ல், ள் இரண்டிலும் குளிர்ச்சி நாக்கின் ஓரங்களில், கன்னத்தின் பக்கம் தெரியும். ழ் சரியாக இருந்தால் குளிர்ச்சி நாக்கின் நடுவில் ஓடும். ஓரத்தில் தெரிந்தால் நுனி இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது, நீங்கள் சொன்னது ள்.

"ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல் வழுக்கி" என்று பிள்ளைகளைச் சொல்ல வைப்பார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. வரி நெடுக ள வராமல் ழ-வே வருவதால் எல்லாவற்றையும் ள என்று சொல்லி வேகமாக ஓடிவிடலாம், யாருக்கும் தெரியாது. மாற்றி மாற்றிச் சொல்வதுதான் பயிற்சி. குளி, குழி, குளி, குழி. அது வந்த பிறகு தாழ்ப்பாள், அதில் முதலில் ழ் பிறகு ள். கடைசியாகக் குழல்விளக்கு. டியூப்லைட்டை வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லைதான், ஆனால் ழ, ல், ள மூன்றும் வரிசையாக நிற்கும் சொல், பயிற்சிக்கு இதைவிட வசதியானது எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாம் படி: அடுத்த எழுத்தோடு சேர்த்துப் பாருங்கள்

எங்கள் அச்சகத்துக்குப் புதிதாக வரும் பையன்களுக்கு நான் காட்டுவது மூன்று பலகைகள். பேருந்து நிறுத்தத்தில் 'பயணியர் நிழற்குடை'. தமுக்கம் மைதானத்தில் 'சித்திரைப் பொருட்காட்சி'. அப்புறம், 1901-இல் பாண்டித்துரைத் தேவர் தொடங்கிய மதுரைத் 'தமிழ்ச் சங்கம்'.

நிழல் + குடை = நிழற்குடை. ல் போய் ற் வந்தது.
பொருள் + காட்சி = பொருட்காட்சி. ள் போய் ட் வந்தது.
தமிழ் + சங்கம் = தமிழ்ச் சங்கம். ழ் அசையவே இல்லை, கூட ஒரு ச் மட்டும் வந்து உட்கார்ந்தது.

இதுதான் மொத்த வழிகாட்டியின் முதுகெலும்பு. க, ச, த, ப-வில் தொடங்கும் சொல் பின்னால் வந்து சேரும்போது ல் தன் வீட்டுக்காரனான ற் ஆகும், ள் தன் வீட்டுக்காரனான ட் ஆகும், ழ்-க்கு வல்லினத்தில் வீட்டுக்காரன் கிடையாது, அதனால் அப்படியே நிற்கும். பல் துலக்குவது பற்பொடி, சொல்லால் சண்டை சொற்போர், முள் உள்ள செடி முட்செடி, நாளைக் குறிப்பது நாட்குறிப்பு. நம் ஊர்த் தெருப்பெயரே சாட்சி சொல்லும்: மேல மாசி வீதியின் மேல் மேற்கு ஆனது, ல் ற் ஆகிவிட்டது. கீழ மாசி வீதியின் கீழ் கிழக்கு ஆனது, நெடில் குறுகியதே தவிர ழ போகவில்லை. கீழடியும் அந்தக் குடும்பம்தான், ஆங்கிலத்தில் Keeladi என்று எழுதிய பலகையைப் பார்த்துக் கீளடி என்று எழுதிவிடாதீர்கள்.

ந, ம பின்னால் வந்தாலும் இதே கதைதான். ல் இருந்தால் ன் ஆகும்: நல் + நாள், நன்னாள். ள் இருந்தால் ண் ஆகும்: எள் + நெய், எண்ணெய். அடுப்படியிலேயே ஆதாரம் கிடக்கிறது. தமிழ்நாடு தமிண்ணாடு ஆகவில்லை, அதனால் அது ழ்.

ஒரு எச்சரிக்கை. மாறியிருந்தால் சாட்சி உறுதி, மாறாமல் இருந்தால் எதுவும் உறுதியில்லை. நாள்காட்டி என்றும் எழுதுகிறார்கள், நாட்காட்டி என்றும் எழுதுகிறார்கள். பொருள்கள், பொருட்கள் இரண்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கால்கள் என்பதைக் காற்கள் என்று யாரும் எழுதுவதில்லை. ஆகவே 'பொருள்கள்' என்று மாறாமல் நிற்பதைப் பார்த்து, அப்படியானால் இது ழ் போல என்று முடிவுகட்டக் கூடாது. எங்கேயாவது ஒரு கூட்டுச்சொல்லில் ட் வந்திருக்கிறதா என்று தேடுங்கள், ஒன்று கிடைத்தால் போதும்.

வினைச்சொல்லுக்கு இன்னும் எளிது, நேற்று நடந்ததாகச் சொல்லிப் பாருங்கள். செல், சென்றான், வெல், வென்றான், கல், கற்றான்: ல். ஆள், ஆண்டான்; உருள், உருண்டான்; கேள், கேட்டான்: ள். வாழ், வாழ்ந்தான், சூழ், சூழ்ந்தது, மகிழ், மகிழ்ந்தாள்: ழ். இந்தச் சோதனைக்கு மதுரைப் பேச்சே உதவுகிறது, அதுதான் எனக்குப் பிடித்தது. வண்டி கவுந்துருச்சு, முடிச்சு அவுந்துருச்சு என்கிறோம். நம் வாய் ழ்-ஐ முழுங்கிவிட்டது, ஆனால் 'ந்து' மிச்சம் இருக்கிறது. அது ள் ஆக இருந்திருந்தால் சுருண்டுருச்சு, உருண்டுருச்சு மாதிரி 'ண்டு' மிச்சம் இருந்திருக்கும். ஆகவே கவிழ், அவிழ்.

மூன்றாம் படி: பக்கத்தில் யார் நிற்கிறார்கள்

இங்கே இரண்டே விஷயம், இரண்டும் கிட்டத்தட்ட விலக்கில்லாதவை.

ழ் இரட்டிக்காது. 'ழ்ழ' என்று தமிழில் எழுதவே முடியாது. பள்ளி, வெள்ளம், உள்ளம், கள்ளழகர் என்று அழுத்திச் சொல்லும் இடம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ள்ள. (வெல்லம், பல்லி என்று ல்ல வரும் இடம் நம் காதுக்கே தெரிந்துவிடும்.)

மறுபக்கம், ஒரு புள்ளி எழுத்துக்குப் பின்னால் இன்னொரு புள்ளி எழுத்தும் வந்தால் அது ழ். வாழ்க்கை, வாழ்த்து, மகிழ்ச்சி, தாழ்ப்பாள், வாழ்ந்து. தமிழில் இப்படி இரண்டு மெய் தொடர்ந்து வரவிடும் எழுத்துகள் ய், ர், ழ் மூன்று மட்டும்தான்: காய்ச்சல், பார்த்து, வாழ்த்து. ள் அதற்கு இடம் கொடுக்காது. வேள்வி, கேள்வி, கொள்கை என்று ஒற்றையாக வரவிடும், இரட்டையாக விடாது. 'வாள்த்து', 'மகிள்ச்சி', 'நிகள்ச்சி' எல்லாம் இந்த ஒரு விதியிலேயே அடிபட்டுப் போகும். நோட்டீஸ்களில் நான் திருத்தும் பிழைகளில் பெரிய பங்கு இதுதான், கற்றுக்கொள்ள ஐந்து நிமிடம் ஆகும்.

நான்காம் படி: சொல்லின் வாலில் ழ் தேடாதீர்கள்

பயந்து எழுதுகிறவர்கள் செய்யும் பிழை வேறு மாதிரி. ள எழுதினால் தப்பாகிவிடுமோ என்று எல்லாவற்றுக்கும் ழ போடுவார்கள்: அவழ், மகழ், வந்தாழ், பிள்ளைகழ். ழ் எப்போதும் வேர்ச்சொல்லுக்குள் இருக்கும் எழுத்து, பின்னால் ஒட்டும் விகுதியாக வராது. பன்மையைக் காட்டும் கள், பெண்ணைக் காட்டும் அவள், மகள், வந்தாள் எல்லாம் ள். வீட்டில், கத்தியால், செய்தல், வாழ்தல், இல்லை, அல்ல எல்லாம் ல். ஆங்கிலத்திலிருந்து வந்த பெட்ரோல், லாரி, பில் எல்லாவற்றுக்கும் ல். சொல்லின் முதலிலும் ழ, ள இரண்டும் வராது.

ஐந்தாம் படி: நடுவில் மாட்டிக்கொண்ட ழ

இதுவரை சொன்னது புள்ளி வைத்த எழுத்துக்கு. மழை, பழம், வழி, குழி, கோழி என்று உயிர் ஏறிய எழுத்தாக நடுவில் நின்றால் மேலே சொன்ன எந்தச் சோதனையும் நேரடியாக வேலை செய்யாது. இங்கே மூன்று துணை உண்டு, மூன்றும் அரைகுறைதான்.

முதல் துணை, குடும்பம். ஆழம் என்பதற்கு ள-வா ழ-வா என்று சந்தேகம் வந்தால் ஆழ்ந்த என்று சொல்லிப் பாருங்கள், 'ந்த' வந்தது, எனவே ழ. சூழல் என்றால் சூழ்ந்த. விளைச்சல் என்றால் விளை, விளைவு, விளைநிலம், எல்லாம் ள.

இரண்டாவது, மலையாளம். தேனி, கம்பம் தாண்டிக் குமுளிப் பக்கம் போய் வருகிறவர்களுக்கு இது எளிது. மலையாளிகள் ழ-வை விடவே இல்லை. மழ, பழம், வழி, வாழ, கோழி, புழு, ஏழு என்று அவர்கள் வாயில் ழ துல்லியமாக விழும். அவர்கள் ழ சொல்கிற சொல் நம்மிடமும் இருந்தால் அநேகமாக நமக்கும் ழ. ஆலப்புழை, கோழிக்கோடு போகும் பேருந்துப் பலகையில் zh இருப்பதும் அதற்காகத்தான்.

மூன்றாவது, குறில் எழுத்துக்குப் பின் உகரம் வந்தால் பெரும்பாலும் ழு: எழு, விழு, அழு, உழு, தொழு, கழுவு, தழுவு, கழுதை, பொழுது, பழுது, முழுக்க. விலக்குகள் குறைவு, உளுந்து, உளுத்துப்போன கட்டை, பளு, கொளுத்து, குளுகுளு மாதிரி. இதில் கொளுத்து என்பது தீ வைப்பது, கொழுத்த என்பது சதைப்பிடித்த ஆட்டுக்குச் சொல்வது. பழைய நூல்களில் உழுந்து என்றும் உண்டு, பவளம், பவழம் இரண்டும் சரி. அதைப் பிடித்துக்கொண்டு யாராவது வாதாட வந்தால் விட்டுவிடுங்கள்.

இந்த மூன்றிலும் அகப்படாதவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. தனிச்சொல்லாகச் செய்தால் நிற்காது, சண்டைக்கு நிற்கும் சொல்லோடு சேர்த்துச் செய்யுங்கள். வாழை தோட்டத்தில், வாளை மீன் கடையில். கழை மூங்கில், களை வயலில் பறிப்பது, கலை கைத்தொழில். வலி உடம்பில், வளி காற்று, வழி சாலை. வளவளவென்று பேசுவது வாய், வழவழவென்று இருப்பது தரை. ஒலி காதுக்கு, ஒளி கண்ணுக்கு, ஒழி என்றால் தொலைந்து போ. மைக்செட் கடைக்காரர் ஒருவர் விசிட்டிங் கார்டுக்கு 'ஒலி, ஒழி அமைப்பு' என்று எழுதிக் கொண்டுவந்தார், நல்லவேளை அச்சுக்கு முன்னால் பார்த்தேன். இவை எல்லாவற்றிலும் எனக்கு அடிவயிறு கலங்கும் மூன்று தாலி, தாளி, தாழி. தாலி கழுத்தில் ஏறுவது. தாளி என்றால் கடுகு உளுந்து போட்டுத் தாளிப்பது. தாழி, கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகையில் தோண்டி எடுத்தார்களே, இறந்தவர்களை வைத்துப் புதைத்த முதுமக்கள் தாழி, அது. கல்யாணப் பத்திரிகையில் தாலியைத் தாழி ஆக்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கையால் எழுதும்போது, தட்டச்சும்போது

பள்ளியில் ல-வை மேல்நோக்கு லகரம், ள-வைப் பொது ளகரம், ழ-வைச் சிறப்பு ழகரம் என்று சொல்லிக் கொடுப்பார்கள். ல-வின் கடைசிக் கோடு மேலே ஏறி முடியும், பெயருக்கு ஏற்றபடி. ள-வின் வலக்கால் நேராகத் தரையில் ஊன்றும். ழ-வுக்கு ம-வின் உடம்பு, வரிக்குக் கீழே இறங்கும் வால். அந்த வாலைச் சரியாக வளைக்காவிட்டால் ழ-வும் மு-வும் ஒன்றாகிவிடும். 'முழு' என்ற சொல்லைப் பிறர் கையெழுத்தில் படிப்பது எங்கள் தொழிலில் ஒரு தண்டனை.

பழைய புத்தகங்களில் லை, ளை இரண்டுக்கும் முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு மேலே ஒட்டியிருக்கும். ணை, னை-க்கும் அப்படித்தான். 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தம் அதை எடுத்துவிட்டு எல்லாவற்றுக்கும் ஒரே ஐகாரக் குறி கொடுத்தது. ழை-க்கு அந்தத் தும்பிக்கை எப்போதுமே இருந்ததில்லை, அதனால் தாத்தா காலத்து அச்சில் அளையையும் அழையையும் தூரத்திலிருந்தே பிரித்துவிடலாம்.

தமிழ்99 விசைப்பலகையில் ல `n`, ள `y`, ழ `/`. மூன்றும் தள்ளித் தள்ளி இருப்பதால் விரல் தவறி மாறுவது குறைவு. தொல்லை எல்லாம் ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் முறையில்தான். பல செயலிகளில் ல-வுக்கு `l`, ள-வுக்கு `L`, ழ-வுக்கு `z` அல்லது `zh`. அவசரத்தில் எல்லாவற்றுக்கும் சின்ன `l` போட்டுவிட்டு, வருகிற பரிந்துரைகளில் முதலில் இருப்பதைத் தொட்டுவிடுவோம். பிள்ளை பில்லை ஆவது இப்படித்தான். நம் வாய் செய்யாத ல, ள குழப்பத்தை நம் கட்டைவிரல் செய்கிறது.

இன்னொன்று, இது கண்ணுக்கே தெரியாத பிழை. கௌரி என்ற பெயரில் இருப்பது ஔகாரக் குறி, அது பார்க்க ள மாதிரியே இருக்கும். அதனால் கெ போட்டு ள போட்டு ரி போட்டு முடித்துவிடுவார்கள்.

```
கௌரி = க + ௌ + ரி
கெளரி = க + ெ + ள + ரி
```

அச்சில் வித்தியாசம் தெரியாது. ஆனால் கோப்பில் கௌரி என்று தேடினால் இரண்டாவது கிடைக்காது. ஐந்நூறு பேர் உள்ள மொய்ப் பட்டியலில் ஒரு கௌரியைத் தேடி அரைமணி நேரம் போன பிறகுதான் எனக்கு இது புரிந்தது.

ஒரு பத்திரிகையைத் திருத்திப் பார்ப்போம்

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு பெரியவர் எழுதிக் கொடுத்த படி, கொஞ்சம் சுருக்கித் தருகிறேன்.

"வருகிற ஞாயிற்றுக்கிளமை காலை எங்கள் மகழ் வயிற்றுப் பேத்திகளின் காதணி விளா குலதெய்வக் கோவிலில் நடைபெறுவதால், தாங்கள் குடும்பத்துடன் வந்திருந்து குளந்தைகளை வாள்த்தி, மதிய வேலை விருந்தில் கலந்துகொள்ளுமாறு அன்புடன் அளைக்கிறோம்."

ஏழு இடம். விதி போட்டுத் திருத்தக்கூடியதை முதலில் முடித்துவிடுவேன். 'வாள்த்தி', ள்-க்குப் பின்னால் த்த வராது, ஆகவே வாழ்த்தி. 'மகழ்', பெண்ணைக் காட்டும் வால், ழ் வராது, ஆகவே மகள். இவை இரண்டுக்கும் அகராதி வேண்டாம்.

அடுத்து 'மதிய வேலை'. இது விதியில் அகப்படாது, பொருளைப் பார்க்க வேண்டும். வேலை என்றால் பணி, வேளை என்றால் நேரம். மதிய வேலை விருந்து என்று போட்டால் வந்தவர்கள் பந்தி பரிமாறத்தான் கூப்பிட்டார்கள் என்று நினைப்பார்கள். ஆகவே வேளை. பெரியவர் பேசும்போது 'மத்தியான வேளை' என்று ள போட்டுத் தெளிவாகத்தான் சொன்னார். எழுதும்போது கை தவறியிருக்கிறது, அல்லது பேரன் செல்பேசியில் தட்டியதைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும்.

மிச்சம் நான்கு: கிளமை, விளா, குளந்தை, அளைக்கிறோம். நான்கிலும் ழ நடுவில் உயிரோடு நிற்கிறது, நான்கும் மனப்பாடத்தில் இருந்துதான் வர வேண்டும். கிழமை, விழா, குழந்தை, அழை. குழந்தைக்கு மட்டும் குழவி என்று ஓர் உறவு உண்டு, அதற்கும் ழ. அளை என்பது தனிச்சொல், பிள்ளைகள் சோற்றைத் தின்னாமல் கையால் அளைவதற்குச் சொல்வோமே அது. ஒரு வசதி, பத்திரிகைத் தமிழில் இப்படி நடுவில் ழ வரும் சொற்கள் மிகக் குறைவு. இந்த நான்கோடு அழைப்பிதழையும், ஊர்ப்பெயர்களில் சோழவந்தான், பழங்காநத்தம், அழகர்கோவில், கீழ என்று தொடங்குபவை, இவற்றையும் சேர்த்துக்கொண்டால் எங்கள் மேசைக்கு வருவதில் பெரும்பகுதி அடங்கிவிடும். விளாங்குடி, விளக்குத்தூண், தல்லாகுளம், கோரிப்பாளையம் எல்லாம் ள என்பதையும் மறக்கக் கூடாது. ஒருமுறை பயிற்சிக்கு வந்த பையன் கோரிப்பாளையத்தைக் 'கோரிப்பாழையம்' ஆக்கி, ஊரையே பாழாக்கிவிட்டான்.

திருத்திய படியை அச்செடுத்துப் பெரியவரிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தி, கடைக்கு வெளியே கேட்கும்படி சத்தமாக வாசித்தார். "ஞாயித்துக்கிளம... காதணி விளா... கொளந்தைகள வாள்த்தி... சரியா இருக்குய்யா, அடிச்சிரு."

அடித்துவிட்டேன்.